ஸ்பிரிங் தொட்டில்: 25 கிலோ தாங்குமாம், சரி, எத்தனை மாதப் பிள்ளைக்கு?

எங்கள் வீட்டுக்கு வந்த ஸ்பிரிங் தொட்டில் பெட்டியில் பெரிய எழுத்தில் இரண்டு விஷயம் போட்டிருந்தது. ஒன்று, பிறந்த பிள்ளை முதல் 3 வயது வரை. இன்னொன்று, 25 கிலோ வரை தாங்கும். நான் பினாங்கு பிறையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன், தினமும் ஸ்பிரிங்கும் செயினும் கொக்கியுமாகவே பொழுது போகும். அதனால் அந்த 25 கிலோவைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பிள்ளை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே தொட்டிலை மாட்டி, அரிசி மூட்டையைப் படுக்கவைத்து, டேப் வைத்து அளந்து பார்த்தேன். மனைவி சிரித்தாள், மாமியார் முறைத்தார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்த விஷயம் எந்தக் கடைக்காரரும் சொல்லாதது. பெட்டியில் இருக்கும் எண் இரும்பைப் பற்றியது, பிள்ளையைப் பற்றியது இல்லை.

மலேசியாவில் இதை விளக்கவே வேண்டாம். மலாய்க்காரர் வீடோ நம் வீடோ, புவாய் என்கிற இந்தத் தொட்டில் தொங்காத வீடு குறைவு. முன்பு விட்டத்தில் கயிறு போட்டு சேலையைக் கட்டினார்கள், இப்போது இரும்புச் சட்டம், அதில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு கட்டை, கட்டையில் துணியோ வலையோ. சிலர் மோட்டாரும் சேர்த்து வாங்குகிறார்கள். நான் பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் மோட்டார் இல்லாத செட்டை 150 வெள்ளிக்கு வாங்கினேன். மோட்டாரை அக்கா பிறகு அன்பளிப்பாகக் கொடுத்தாள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே செய்து பார்க்கலாம். தேவைப்படுவது 5 கிலோ அரிசி மூட்டை இரண்டு, ஒரு டேப், ஒரு பென்சில், ஒரு டார்ச் லைட்.

முதலில் ஸ்பிரிங்

ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து, எதையும் தொங்கவிடாமல், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இந்த வகை ஸ்பிரிங்கில் பாரம் இல்லாதபோது வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்தில் கம்பி ஒருமுறை அளவுக்கு மீறி இழுபட்டு, திரும்பி வர முடியாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அது தளர்ந்த ஸ்பிரிங். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று யோசிக்க வேண்டாம்.

அடுத்து இரண்டு முனைகளும். கம்பி வளைந்து கொக்கியாக மாறும் அந்த வளைவில்தான் அழுத்தம் அதிகம், ஸ்பிரிங் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான், நடுவில் இல்லை. துணி உறை போட்ட ஸ்பிரிங்காக இருந்தால் உறையை விலக்கி, டார்ச் அடித்து, விரல் நகத்தால் வளைவை வருடிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அது கீறலோ துருக்குழியோ, இரண்டுமே கெட்டது. துரு என்றால் வெறும் நிறம் மாறுவது மட்டும் இல்லை. துரு தின்ற குழியிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும்.

இந்த இடத்தில் மாமியாரோடு ஒரு சின்னச் சண்டை. அவர் வீட்டில் என் மனைவியைப் போட்டு ஆட்டிய அதே ஸ்பிரிங் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. "மாப்பிள்ளை, உங்க பொண்டாட்டி மூணு வயசு வரைக்கும் இதுலதான் தூங்கினா, என்ன ஆயிடுச்சு?" என்றார். வீடு கடலுக்குப் பக்கம், உப்புக் காற்று. பிரித்துப் பார்த்தால் மேல் கொக்கியின் வளைவில் துரு செதில் செதிலாக வந்தது, நடு வளையங்களில் ஒரு 20 காசு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. நாணயத்தை நுழைத்தே காட்டினேன். அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஸ்பிரிங்கைக் கட்டரால் மூன்று துண்டாக வெட்டித்தான் போட்டேன். முழுசாகப் போட்டிருந்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் தொங்கவிடுவார்கள்.

உங்களுக்கு இது மிகையாகத் தெரிந்தால் ஒரு கணக்குப் பாருங்கள். என் ஸ்பிரிங் 5 கிலோ பாரத்தில் கிட்டத்தட்ட ஒரு விநாடிக்கு ஒரு ஆட்டம் ஆடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 3,600. நாளுக்கு 6 மணி நேரம் ஆட்டினால் 21,600. ஒரு வருடத்துக்கு எழுபத்தெட்டு லட்சத்துக்கும் மேல். ஒரு கம்பியை இத்தனை முறை இழுத்து விட்டால் அது களைத்துப்போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதனால்தான் பழைய ஸ்பிரிங், பக்கத்து வீட்டு ஸ்பிரிங், ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பயன்படுத்திய ஸ்பிரிங், எதுவுமே வேண்டாம் என்கிறேன். சட்டம் பழசாக இருக்கலாம், துணி பழசாக இருக்கலாம், ஸ்பிரிங் மட்டும் புதுசாக இருக்கட்டும்.

அரிசி மூட்டைக் கணக்கு

சட்டத்தை விரித்து, ஸ்பிரிங், கட்டை, துணி எல்லாம் மாட்டி, துணியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். 65 செ.மீ. ஒரு 5 கிலோ மூட்டையை வைத்தேன், 45 செ.மீக்கு இறங்கியது. இரண்டாவது மூட்டையையும் வைத்தேன், 20 செ.மீ. அதாவது முதல் மூட்டைக்கு 20 இறங்கிய அதே தொட்டில் இரண்டாவதற்கு 25 இறங்கியது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, மூடிய வளையங்கள் விலகத் தொடங்கவே முதலில் கொஞ்சம் பாரம் தேவைப்படும், அதற்கப்புறம் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 செ.மீ என்று ஒரே சீராக இறங்கும்.

இப்போது பெட்டியில் இருந்த 25 கிலோவுக்கு வாருங்கள். 10 கிலோவில் 20 செ.மீதான் மிச்சம். கிலோவுக்கு 5 செ.மீ என்றால் 14 கிலோவிலேயே துணி தரையில் கிடக்கும். அப்படியென்றால் 25 கிலோ என்பது என்ன? கம்பி அறுந்துபோகாமல் இருக்கும் எல்லையாக இருக்கலாம், பிள்ளையைப் படுக்கவைத்து ஆட்டும் எல்லை இல்லை. அதுவும் அசையாமல் தொங்கும் கணக்கு. ஆட்டும்போது அது மேலும் கீழும் போகும், மெதுவாக ஆட்டினாலே பத்து செ.மீ கூடுதலாக இறங்கும், வேகமாக ஆட்டினால் 10 கிலோப் பிள்ளையின் முதுகு தரையில் தட்டும்.

ஆகவே உங்கள் வீட்டுத் தொட்டிலின் உண்மையான எல்லையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அரிசியோடு ஆட்டிப் பாருங்கள், ஆட்டத்தின் அடிமட்டத்திலும் தரைக்கு ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். அந்த ஒரு சாண் எந்த எடையில் போய்விடுகிறதோ அதுதான் எல்லை. எனக்கு அது 8 கிலோவுக்குப் பக்கத்தில் வந்தது. இதற்காகத் துணியை உயரமாகக் கட்டிவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள், உயரம் கூடினால் விழும் தூரமும் கூடும். தொட்டிலுக்குக் கீழே மொட்டை டைல்ஸ் இல்லாமல் ஒரு மெத்தைப்பாய் எப்போதும் விரித்திருக்கட்டும்.

மூட்டைகள் தொட்டிலில் இருக்கும்போதே சட்டத்தையும் முடித்துவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி விட்டுப் பாருங்கள், எதிர்ப்பக்கக் கால் தரையிலிருந்து எழும்பினால் அந்தச் சட்டம் கடைக்கே திரும்பட்டும். கால்களில் ரப்பர் மூடி நாலும் இருக்கிறதா, விரிந்த நிலையில் பூட்டும் கம்பி சரியாக விழுகிறதா, அவ்வளவுதான். கதவு நிலையில் மாட்டும் கிளாம்ப் வகையையும், ஃபிளாட்டில் பிளாஸ்டர் சீலிங்கில் கொக்கி அடிப்பதையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். பழைய பலகை வீட்டு விட்டம் என்றால் முதலில் கரையானைப் பாருங்கள்.

உயிர்க்கயிறு எங்கே கட்டியிருக்கிறது

கடைக்காரர் "சேஃப்டி ரோப் இருக்கு சார்" என்பார். இருக்கும், ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு கயிறோ செயினோ ஓடும், ஸ்பிரிங் உடைந்தால் அது பிள்ளையைத் தாங்க வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறதா என்பதல்ல, அதன் இரண்டு முனையும் எதில் மாட்டியிருக்கிறது என்பது.

என்னுடையதில் கயிற்றின் இரண்டு முனையும் ஸ்பிரிங்கின் முனை வளையங்களிலேயே முடிச்சுப் போட்டிருந்தது. மேலே சொன்னேனே, ஸ்பிரிங் உடைவது அந்த வளைவில்தான். அந்தக் கொக்கி உடைந்தால் ஸ்பிரிங்கும் கயிறும் சேர்ந்தே கீழே வரும். பார்வைக்கு இருக்கிறது, வேலைக்கு இல்லை. கயிற்றின் மேல் முனை சட்டத்தின் குறுக்குக் கம்பியில் தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், கீழ் முனை துணி மாட்டும் கட்டையில் தனியாக மாட்டியிருக்க வேண்டும், இரண்டு இடத்திலும் ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது. நான் எடை பொறித்த ஒரு பாரப் பட்டையும், வாய் மூடித் திருகும் இரண்டு கொக்கியும் ஹார்டுவேர் கடையில் வாங்கி அப்படியே மாற்றினேன். செலவு இருபது வெள்ளிக்குள். S வடிவத்தில் வாய் திறந்த கொக்கி எங்கே இருந்தாலும் அதையும் மாற்றிவிடுங்கள், துள்ளும்போது வளையம் அதிலிருந்து நழுவும்.

கயிற்றின் நீளமும் முக்கியம். ஸ்பிரிங் முழுதாக இழுபடும் நீளத்தைவிட ஒரு கைப்பிடி அளவு மட்டும் அதிகம் இருந்தால் போதும். ரொம்ப நீளமாக விட்டால் ஸ்பிரிங் உடைந்த பிறகு கயிறு இறுகுவதற்குள் பிள்ளை தரைக்கு வந்துவிடும். சோதிப்பது சுலபம், 10 கிலோ அரிசியைக் கையில் தாங்கிக்கொண்டே ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் கயிற்றின் மேல் இறக்குங்கள். தரையைத் தொடாமல் நின்றால் சரி.

மோட்டார் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். மோட்டார் சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் தொங்குகிறது. கயிற்றின் மேல் முனையை மோட்டாரின் கொக்கியில் மாட்டினால், மோட்டார் கழன்று விழும்போது எல்லாம் சேர்ந்து விழும், கூடவே அந்த மோட்டாரும் பிள்ளையின் மேல். கயிறு மோட்டாரையும் தாண்டிச் சட்டத்துக்கே போக வேண்டும், மோட்டாருக்கும் தனியாக ஒரு கட்டு வேண்டும். அடாப்டரில் சிரிம் தரச் சான்று லேபிள் இருக்கிறதா பாருங்கள், ஆன்லைனில் நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரும் செட்டில் பெரும்பாலும் அடாப்டர்தான் பிரச்சினை. ஒயரைப் பிள்ளையின் கைக்கு ஒரு மீட்டர் தள்ளி, சட்டத்தின் காலோடு ஒட்டிக் கட்டிவிடுங்கள், ஒயர் கழுத்தில் சுற்றும் ஆபத்து கற்பனை இல்லை. அக்கா கொடுத்த மோட்டாரை நான் நான்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டேன். அது கெட்டது என்பதற்காக இல்லை, அது ஆட்டிக்கொண்டிருந்தால் நாங்கள் எழுந்து போய்விடுகிறோம் என்பதற்காக. கையால் ஆட்டும்போது பக்கத்தில் ஆள் இருக்கிறார்.

வலையா, துணியா

செட்டோடு வந்தது நைலான் வலை. காற்றோட்டம் என்று சொல்லி விற்கிறார்கள், நம் ஊர் புழுக்கத்துக்கு அது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வலையைக் கையில் சும்மா வைத்துப் பார்க்கும்போது கண் சின்னதாகத் தெரியும், பாரம் வைத்ததும் விரியும். 5 கிலோ அரிசியை வைத்து, இழுபட்ட நிலையில், சாதாரண பென்சிலை நுழைத்துப் பாருங்கள். பென்சில் ஏறக்குறைய 7 மி.மீ தடிப்பு. ஐரோப்பாவில் குழந்தைப் பொருள்களுக்கு வைத்திருக்கும் அளவில் 7 முதல் 12 மி.மீ வரையுள்ள ஓட்டைதான் விரல் மாட்டும் ஓட்டை, அமெரிக்காவில் வலைச் சுவர் வைத்த கட்டிலுக்கு ஓட்டை கால் அங்குலத்துக்கு, சுமார் 6.4 மி.மீக்கு உள்ளே இருக்க வேண்டும். என் வலையில் பென்சில் தாராளமாகப் போனது, கண் 9 மி.மீ.

அந்த ஓட்டையில் கால்விரல் மாட்டினால் நைலான் நூல் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பிள்ளை அழும், பசி என்று நினைப்போம். காரணமே தெரியாமல் விடாமல் அழுதால் சாக்ஸைக் கழற்றிப் பத்து கால்விரலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், இது வலை மட்டும் இல்லை, அம்மாவின் தலைமுடி சுற்றினாலும் நடக்கும். விரல் வீங்கிச் சிவந்திருந்து நூல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வீட்டில் குடைந்துகொண்டிருக்காமல் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

நான் வலையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பருத்திச் சேலைக்கு மாறினேன். நம் பாட்டிமார் செய்ததுதான், பல முறை துவைத்த நூல் சேலை. பாலியெஸ்டர் வேண்டாம், வியர்வையை வாங்காது, முதுகு சூடாகும். புதுச் சேலை என்றால் இரண்டு மூன்று முறை துவைத்துக் கஞ்சியும் சாயமும் போனபிறகு. ஜரிகை, மணி, நூல் தொங்கும் ஓரம் எதுவும் கூடாது. சேலைக்கு இருக்கும் குறை வேறு. அது பக்கவாட்டில் மூடிக்கொள்ளும், முகத்தோடு ஒட்டும். அதற்குத்தான் அந்தக் கட்டை, கட்டை குட்டையாக இருந்தால் துணி முகத்தருகே சுருங்கும். செட்டோடு வந்தது 35 செ.மீ, நான் 55 செ.மீ கட்டை ஒன்று அறுத்து, முனையை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். உள்ளே தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். மேலே தொங்கும் கிலுகிலுப்பை ஒன்று இலவசமாக வந்திருந்தது. மலேசியாவில் விற்கும் விளையாட்டுப் பொருளுக்கு எம்.சி. முத்திரை இருக்க வேண்டும், அதில் இல்லை, ஒரு மணி கையோடு வந்துவிட்டது. குப்பைக்குப் போனது.

இங்கேதான் தொட்டில் தோற்றது

இரும்பு, கயிறு, துணி மூன்றையும் சரிசெய்யலாம், செய்தேன். சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது, அது தொட்டிலின் வடிவம்.

பிறந்த பிள்ளையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்தில் பலம் கிடையாது, மூச்சுக்குழாய் மெல்லியது. தலைப்பக்கம் உயர்ந்து உடம்பு வளைந்து கிடந்தால் தாடை நெஞ்சில் வந்து அமரும், குழாய் மடங்கும், மூச்சு குறையும். பிள்ளை இதற்கு அழுது காட்டாது, அமைதியாகத் தூங்குவதுபோலத்தான் இருக்கும். அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் சரிந்த படுக்கை ஒன்றை, பிள்ளைகள் இறந்த காரணத்தால், 47 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றார்கள், 2022இல் 10 பாகைக்கு மேல் சரிவு உள்ள தூங்கும் படுக்கைகளை விற்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அது நம் தொட்டில் இல்லைதான், ஆனால் தாடை நெஞ்சில் படும் காரணம் ஒன்றே.

உங்கள் தொட்டிலில் சரிவு எவ்வளவு என்று அளக்க கருவி எதுவும் தேவையில்லை. ஒரு 5 கிலோ மூட்டையைப் பிள்ளையைப்போல நீளவாக்கில் படுக்கவைத்து, இடுப்பு வரும் இடத்தில் துணி தரையிலிருந்து எவ்வளவு உயரம், தலை வரும் இடத்தில் எவ்வளவு உயரம், இரண்டுக்கும் நடுவில் தரையோடு எவ்வளவு தூரம் என்று மூன்று எண் எடுங்கள். எனக்கு முதலில் கிடைத்தது 45, 53, தூரம் 28. அதாவது 28க்கு 8 ஏறுகிறது, கிட்டத்தட்ட 16 பாகை. 10 பாகைக்குள் இருக்க வேண்டுமானால் 28க்கு 5க்கு மேல் ஏறக் கூடாது. நீளக் கட்டை போட்ட பிறகு திரும்ப அளந்தேன், 6 ஏறியது, 12 பாகை. நன்றாகக் குறைந்தது, ஆனாலும் பாஸ் இல்லை. அப்படியே 10க்குள் வந்திருந்தாலும் துணி வளைந்துதான் இருக்கும், மெத்தையைப்போலச் சமமாகவும் உறுதியாகவும் ஆகாது. தொங்கும் துணி என்றாலே வளையும், இதில் கம்பெனியைக் குறை சொல்லி லாபம் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் மிஸியிடம் இதைக் கேட்டேன். அவர் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "ஆட்டுங்க, கண்ணை மூடினதும் எடுத்துக் கட்டில்ல மல்லாக்கப் போடுங்க, ராத்திரி இதுல வேணாம்" என்றார். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான், ஊஞ்சலிலோ சரிந்த இருக்கையிலோ பிள்ளை தூங்கிவிட்டால் சமமான படுக்கைக்கு மாற்ற வேண்டும், மல்லாந்து, தனியாக, மெத்தென்ற சாமான் இல்லாமல்.

நாங்கள் செய்தது இப்படி. அழுகை அடங்கவும் கண் சொருகவும் தொட்டில், ஒருவர் பக்கத்தில், முகம் எப்போதும் தெரியும்படி, மேலே கொசுத்துணி மூடாமல். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் என் ஒரு விரல் நுழைய வேண்டும். தூங்கியதும் சில நிமிடத்தில் கட்டில். முதல் வாரம் எடுத்ததும் விழித்துக்கொண்டான், பொய் சொல்ல மாட்டேன், கொடுமையாக இருந்தது. பிறகு ஒரு விஷயம் கண்டுபிடித்தோம். ஆட்டத்தைச் சட்டென்று நிறுத்தாமல் இரண்டு நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முழுசாக நின்றபிறகு எடுத்து, கட்டிலில் முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலை என்று இறக்கினால் பத்தில் ஏழு தடவை எழவில்லை.

குறட்டைபோலச் சத்தம், மூக்கு விரிந்து விரிந்து மூச்சு, உதடு நீலம், இதில் எது தெரிந்தாலும் உடனே தூக்கிச் சமமான இடத்தில் கிடத்தி எழுப்புங்கள், மூச்சு சரியாக வரவில்லை என்றால் 999.

வேகமாக ஆட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவாகத் துள்ளுவது வேறு, தலை தனியாக முன்னும் பின்னும் ஆடும்படி ஆட்டுவது வேறு. துணி கட்டையோடு மோதும் சத்தம் வந்தாலோ, மேலே வரும்போது துணி ஒரு நொடி தொய்ந்தாலோ அது அதிகம். விடாமல் அழும் பிள்ளையை நடு இரவில் ஆட்டும்போது கை தன்னால் வேகம் எடுக்கும், எனக்கே நடந்தது. அப்போது மனைவி, "ஏங்க, நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க" என்று வாங்கிக்கொண்டாள். ஆள் மாற்றுவதுதான் அதற்கு மருந்து.

எந்த வயதிலிருந்து, எதுவரை

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை, மூச்சுப் பிரச்சினை உள்ள பிள்ளை, இவர்களுக்கு டாக்டரிடம் கேட்காமல் தொட்டிலே வேண்டாம், கண் எதிரில்கூட. நல்ல எடையில் பிறந்தாலும் முதல் சில வாரம்தான் கழுத்து மிகவும் துவண்டிருக்கும், அப்போது ஒரு தடவைக்குப் பத்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் நாங்கள் வைக்கவில்லை.

நிறுத்தும் நாளைப் பிறந்தநாளை வைத்துப் பார்க்காதீர்கள், எடையை வைத்தும் பார்க்காதீர்கள். பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒருக்களித்துப் புரளத் தொடங்கினாலோ, கவிழ்ந்து கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கினாலோ அன்றைக்கே முடிந்தது. புரண்டால் முகம் துணியில் புதையும், மெத்தை என்றால் தள்ளிக்கொண்டு எழலாம், தொங்கும் துணியில் ஊன்ற இடம் இல்லை. எழ முயன்றால் ஓரத்தைத் தாண்டி விழும். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு, ஐந்து மாதத்தில் அங்கே வந்துவிடுவார்கள். அப்போது எடை ஆறேழு கிலோதான் இருக்கும். பார்த்தீர்களா, நான் கண்டுபிடித்த 8 கிலோவே வர வாய்ப்பில்லை, பெட்டியில் உள்ள 25 கிலோவும் 3 வயதும் எங்கேயோ இருக்கிறது.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் கணக்கே வேறு. அக்கா மகனுக்கு 4 வயது, வந்த அன்றைக்கே கட்டையைப் பிடித்துத் தொங்கினான், 17 கிலோ. நல்ல வேளை, தொட்டில் காலி. இன்னொரு நாள் ஸ்பிரிங் உறைக்கு மேலே விரலை விட்டு, வளையம் மூடும்போது நசுங்கி, ஒரே அலறல். உறை முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும், இரண்டு முனையும் கட்டியிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பயன்படுத்தாத நேரத்தில் தொட்டில் துணியை ஸ்பிரிங்கோடு கழற்றி அலமாரி மேலே வைத்துவிடுவோம்.

இப்போது வாங்கலாமா என்று கேட்டால், என் செட்டுக்கு என் பதில் இது. சட்டம் நன்றாக இருக்கிறது, ஸ்பிரிங்கும் சரிதான். கயிறு கட்டிய விதம் தப்பு, வலை தப்பு, கட்டை குட்டை, பெட்டியில் போட்ட வயது சுத்தத் தப்பு. கையைக் கொஞ்சம் அழுக்காக்கத் தயார் என்றால் வாங்குங்கள், நாலைந்து மாதத்துக்கு, பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுவதற்கு. ராத்திரித் தூக்கத்துக்கு என்று வாங்குவதாக இருந்தால் அந்தக் காசில் ஒரு சமமான மெத்தையோடு சாதாரணக் கட்டில் வாங்கிவிடலாம்.

எங்கள் பையன் நான்கு மாதம் பத்து நாளில் கட்டிலில் புரண்டு காட்டினான். அன்று சாயங்காலமே ஸ்பிரிங்கைக் கழற்றினேன். மாமியாருக்குத்தான் வருத்தம், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சட்டம் இன்னும் பால்கனியில் நிற்கிறது, மழை நாளில் அவர்தான் அதில் பையனின் துணியைக் காயப்போடுகிறார்.